பலகையை விடுங்கள், பரிசு யாருக்கு என்று பாருங்கள்

எம்.பி.ஏ. மாணவர்களைக் குழப்பும் ஒரு வகைக் கொள்குறி வினா உண்டு. ஓர் அலுவலகத்தை ஐந்தாறு வரிகளில் வர்ணித்துவிட்டு, அங்கே நிலவும் பண்பாடு எந்த வகை என்று கேட்பார்கள். பாடத்தை மனப்பாடமாகச் சொல்லக்கூடியவர்களும் இதில் தவறுவார்கள். அந்த வடிவில் இந்தக் கட்டுரைக்காக எழுதிய கேள்வி ஒன்றைப் பாருங்கள்.

"ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் வரவேற்பறையில், 'நாம் ஒரே குடும்பம், புதுமையே நம் மூச்சு' என்ற பலகை தொங்குகிறது. திங்கட்கிழமைதோறும் காலையில் எல்லாக் கிளைகளின் விற்பனைத் தரவரிசையும் பெரிய திரையில் காட்டப்படும். முதலிடம் பிடித்த கிளைக்கு அன்றே ஊக்கத்தொகை. போட்டி நிறுவனம் எத்தனை பாலிசி விற்றது என்பதுதான் கூட்டத்தில் முதல் பேச்சு. இரண்டு காலாண்டுகள் தொடர்ந்து இலக்கைத் தவறவிட்ட மேலாளர் பதவியிலிருந்து மாற்றப்படுவார். இந்த நிறுவனத்தின் பண்பாடு எது? அ) குடும்பம் ஆ) புதுமை இ) சந்தை ஈ) படிநிலை."

பலகையைப் படித்தவர் முதல் இரண்டு விடைகளுக்குள் சிக்கிக்கொள்வார். விடை மூன்றாவது. ஏன் என்று சொல்வதற்கு முன், இந்த நான்கு பெயர்களும் எங்கிருந்து வந்தன என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது.

இரண்டு கோடுகள், நான்கு கட்டங்கள்

அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் கிம் கேமரன், ராபர்ட் குவின் இருவரும் பரப்பிய வகைப்பாடு இது. இதற்கு அடித்தளமாக அமைந்தது, குவினும் ஜான் ரோர்பாவும் 1983-இல் வெளியிட்ட ஆய்வு. ஒரு தாளில் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு கோடுகள் போட்டால் முழு வகைப்பாடும் வந்துவிடும்.

நெடுக்குக் கோட்டின் மேல்முனையில் நெகிழ்வு, கீழ்முனையில் கட்டுப்பாடு. குறுக்குக் கோட்டின் இடப்பக்கம் உள்நோக்கு, வலப்பக்கம் வெளிநோக்கு. நிறுவனத்தின் கவனம் தன் ஆட்கள்மீதும் தன் நடைமுறைமீதும் இருந்தால் அது உள்நோக்கு. வாடிக்கையாளர், போட்டியாளர், மாறும் தொழில்நுட்பம் இவற்றின் மீது இருந்தால் வெளிநோக்கு.

நெகிழ்வும் உள்நோக்கும் சேரும் இடம் குடும்பப் பண்பாடு. புத்தகங்களில் 'கிளான்' என்பார்கள். மூத்தவர் வழிகாட்டுவார், முடிவுகள் கலந்து பேசி எடுக்கப்படும், விசுவாசம்தான் ஆட்களைப் பிணைக்கும். நெகிழ்வோடு வெளிநோக்கு சேர்ந்தால் புதுமைப் பண்பாடு, அதாவது 'அடாக்ரசி'. இங்கே வேலைக்கேற்பக் குழுக்கள் அமைந்து கலையும், துணிந்து முயன்று தோற்றவருக்கும் இடம் உண்டு. கட்டுப்பாடும் வெளிநோக்கும் சேர்ந்தால் சந்தைப் பண்பாடு; இலக்கு, சந்தைப் பங்கு, வெற்றி ஆகியவையே அதன் மொழி. கட்டுப்பாட்டோடு உள்நோக்கு சேர்ந்தால் படிநிலைப் பண்பாடு. விதி, கோப்பு, ஒப்புதல், பிழையில்லாத சீரான ஓட்டம் இவைதான் அதன் பெருமை.

இப்போது காப்பீட்டு நிறுவனத்துக்குத் திரும்புவோம். கேள்வியில் உள்ள வாக்கியங்களை இரண்டாகப் பிரியுங்கள். நிறுவனம் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வது ஒரு பக்கம், அங்கே உண்மையில் நடப்பது மறுபக்கம். முதல் பக்கத்தில் பலகை மட்டுமே இருக்கிறது. மறுபக்கத்தில் தரவரிசை, ஊக்கத்தொகை, போட்டியாளர் பற்றிய பேச்சு, பதவி மாற்றம். வகையைக் கேட்கும் கேள்விக்கு இந்த இரண்டாம் பக்கம் மட்டும் போதும். அங்கே யாருக்குப் பரிசு, யாருக்குத் தண்டனை என்று பாருங்கள். விற்றவருக்குப் பரிசு, விற்காதவருக்கு இடமில்லை. கவனம் போட்டியாளர்மீது, ஆகவே வெளிநோக்கு. இலக்கும் அளவீடும் இறுக்கமானவை, ஆகவே கட்டுப்பாடு. இரண்டும் சந்திக்கும் கட்டம் சந்தை.

விடைகளை இரண்டாகச் சுருக்கிவிட்டு அதற்குமேல் நகர முடியாமல் நிற்பவர்களுக்கும் இந்தக் கோடுகள் உதவும். பக்கத்துப் பக்கத்துக் கட்டங்களுக்கு ஒரு கோட்டில் ஒற்றுமை இருக்கும், மற்றதில்தான் வேறுபாடு. புதுமையா, சந்தையா என்று தடுமாறினால் இரண்டும் வெளிநோக்குதான். எனவே 'வாடிக்கையாளர்' என்ற சொல்லை வைத்து முடிவெடுக்க முடியாது. தோல்விக்கு என்ன நடக்கிறது என்று தேடுங்கள். தோற்ற சோதனையும் பாராட்டப்பட்டால் புதுமை; இலக்கைத் தவறவிட்டவர் வெளியேற்றப்பட்டால் சந்தை. குடும்பமா, படிநிலையா என்று தடுமாறினால் இரண்டும் உள்நோக்கு. அங்கே பார்க்க வேண்டியது, சிக்கல் வந்தால் ஊழியர் எங்கே போகிறார் என்பது. மூத்தவரிடம் போனால் குடும்பம். விதிப் புத்தகத்தைப் புரட்டினால் படிநிலை.

'தனியார் நிறுவனம் என்றாலே சந்தை, அரசு அலுவலகம் என்றாலே படிநிலை' என்ற பழக்கமும் ஆபத்தானது. கேமரனும் குவினும் படிநிலைப் பண்பாட்டுக்கு எடுத்துக்காட்டாகச் சொல்வதில் மெக்டொனால்ட்ஸும் ஒன்று. லாபத்துக்கு நடக்கும் கடைதான். ஆனால் உருளைக்கிழங்கை எவ்வளவு நேரம் பொரிப்பது என்பதுவரை எழுதிவைத்த நடைமுறையில்தான் அது ஓடுகிறது.

கண்ணுக்குத் தெரிவதும் தெரியாததும்

வகையைக் கேட்பது ஒரு கேள்வி. அதே வர்ணனையை வைத்து, 'அந்தப் பலகை பண்பாட்டின் எந்த மட்டத்தைச் சேர்ந்தது?' என்று கேட்டால் அது முற்றிலும் வேறு கேள்வி. அதற்கு எட்கர் ஷைன் என்பவரிடம் போக வேண்டும்.

எம்.ஐ.டி.யின் ஸ்லோன் மேலாண்மைப் பள்ளியில் பேராசிரியராக இருந்த ஷைன், 1985-இல் எழுதிய நூலில் பண்பாட்டை மூன்று மட்டங்களாகப் பிரித்தார். மேல்மட்டம், வெளியார் பார்க்கவும் கேட்கவும் கூடிய அடையாளங்கள்: கட்டடம், உடை, சடங்கு, பேச்சு வழக்கு. நடுமட்டம், அறிவித்த விழுமியங்கள்: 'நாங்கள் இதை மதிக்கிறோம்' என்று நிறுவனம் தானே சொல்லிக்கொள்பவை. அடிமட்டம், அடிப்படை அனுமானங்கள். இவற்றை யாரும் சொல்வதில்லை, வாதிடுவதும் இல்லை. இப்படித்தான் உலகம் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டிருப்பார்கள்.

இந்த மூன்றாவது மட்டம் எவ்வளவு ஆழத்தில் ஒளிந்திருக்கும் என்பதை ஷைன் தன் சொந்த அனுபவத்திலிருந்தே காட்டினார். சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் இருந்த சீபா-கைகி என்ற வேதிப்பொருள், மருந்து நிறுவனத்துக்கு அவர் ஆலோசகராகப் போனார். அங்கே அறைக்கதவுகள் மூடியே இருந்தன. உள்ளே இருப்பவரைத் தொந்தரவு செய்யலாமா என்பதைக் கதவருகே எரியும் சிவப்பு, பச்சை விளக்குகள் சொல்லின. புதுமை வேண்டும் என்று நிறுவனமே விரும்பித்தான் அவரை அழைத்திருந்தது. அதனால் புதுமை பற்றிக் குறிப்புகள் எழுதி, மேலாளர்களுக்கு அனுப்பிவைக்கும்படி தன் தொடர்பாளரிடம் கொடுத்தார். சில காலம் கழித்து விசாரித்தால், குறிப்புகள் பெரும்பாலானோரைச் சென்று சேரவே இல்லை.

சோம்பலோ எதிர்ப்போ காரணமில்லை. அந்த நிறுவனத்தில் ஒரு மேலாளருக்குத் தரப்பட்ட வேலை அவருடைய சொந்த எல்லை போன்றது. அவர் கேட்காமலே ஒரு யோசனையை அனுப்பினால், தன் வேலை அவருக்குத் தெரியவில்லை என்று சொல்வதாக ஆகிவிடும். அழைப்பில்லாமல் ஒருவர் வீட்டுக்குள் நுழைவதற்குச் சமம் அது. இதை அங்கே யாரும் விதியாக எழுதி வைக்கவில்லை. ஆனால் எல்லோரும் அதன்படியே நடந்தார்கள்.

இப்போது மட்டங்களைப் பிரிப்பது எளிது. மூடிய கதவும் விளக்கும் அடையாளங்கள். 'புதுமை வேண்டும்' என்பது அறிவித்த விழுமியம். 'கேட்காமல் யோசனை சொல்வது அவமதிப்பு' என்பது அடிப்படை அனுமானம். இரண்டாவதும் மூன்றாவதும் மோதியபோது மூன்றாவதே வென்றது. குறிப்புகள் மேசையிலேயே கிடந்தன.

வினாத்தாளின் சிறு பொறிகள்

மட்டத்தைப் பற்றிய கேள்வியில் மூன்று சோதனைகள் போதும். முதல் நாள் வந்த விருந்தாளிக்கே தெரியுமா? அடையாளம். 'ஏன் இப்படிச் செய்கிறீர்கள்' என்று கேட்டால் ஊழியர் பெருமையோடு சொல்லும் காரணமா? விழுமியம். அப்படிக் கேட்பதே விசித்திரமாகத் தோன்றுமா? அனுமானம். வர்ணனையில் 'சொல்லாமலே', 'யாரும் கேள்வி எழுப்புவதில்லை', 'இயல்பாகவே' போன்ற சொற்கள் வந்தால் மூன்றாம் மட்டத்தை நினையுங்கள்.

இரண்டு இடங்களில் பலர் சறுக்குகிறார்கள். நிறுவனரைப் பற்றி ஊழியர்கள் சொல்லிவரும் கதைகள் எந்த மட்டம்? கருத்து இருப்பதால் விழுமியம் என்று குறித்துவிடுவார்கள். காதில் விழுவதால் கதை ஓர் அடையாளம்தான். அடுத்தது நம் பலகை. சுவரில் தொங்கும் பலகை என்ற பொருள் அடையாளம். அதில் எழுதியிருக்கும் 'ஒரே குடும்பம்' என்ற கருத்து அறிவித்த விழுமியம். கேள்வி எதைக் கேட்கிறது என்பதை நிதானமாகப் படிக்க வேண்டும். அங்கே அடிமட்டத்தில் இருக்கும் அனுமானத்தைக் கேள்வி எங்கேயும் எழுதவில்லை. திரையையும் பதவி மாற்றத்தையும் சேர்த்துப் பார்த்து நாமே ஊகிக்க வேண்டும்: ஒருவரின் மதிப்பு அவர் கொண்டுவரும் எண்ணிக்கைதான்.

விடைகளின் பட்டியலையும் முதலில் ஒரு முறை பார்த்துவிடுங்கள். அதிகாரம், பங்கு, பணி, தனிநபர் என்று இருந்தால் அது சார்லஸ் ஹாண்டியின் வகைப்பாடு. கேமரன்-குவின் கோடுகள் அங்கே பொருந்தாது. ஹாண்டியின் 'பங்கு'ப் பண்பாடு படிநிலைக்கு நெருக்கமானது. ஆனால் 'பணி'ப் பண்பாட்டைச் சந்தையென்று எடுத்துக்கொண்டால் தவறிவிடும். அது ஒரு சிக்கலைத் தீர்க்கத் திரளும் நிபுணர் குழுவைப் பற்றியது.

தேர்வுக்கு வெளியே

வினாத்தாளில் ஒரு நிறுவனத்துக்கு ஒரு வகைதான். உண்மையில் அப்படியில்லை. கேமரனும் குவினும் உருவாக்கிய மதிப்பீட்டுப் படிவமே இதை ஒப்புக்கொள்கிறது. தலைமை, ஆட்களை நடத்தும் விதம், வெற்றிக்கான அளவுகோல் என ஆறு தலைப்புகள் அதில் உண்டு. ஒவ்வொன்றிலும் 100 புள்ளிகளை நான்கு வகைகளுக்கும் பிரித்துக் கொடுக்க வேண்டும். ஒரே வகைக்கு 100-ஐயும் அள்ளிக் கொடுக்கும் அலுவலகத்தைக் காண்பது அரிது.

ஷைனுக்கு இத்தகைய படிவங்களின் மீதே அவ்வளவு நம்பிக்கை இருந்ததில்லை. ஊழியர்கள் சொல்லத் தெரிந்ததைத்தான் எழுதுவார்கள். அடிமட்ட அனுமானம் அவர்களுக்கே தெரியாது என்பது அவர் வாதம். விழுமியமும் நடப்பும் எங்கே முரண்படுகின்றன என்று தேடி, அந்த முரணுக்குக் காரணம் கேட்டுத்தான் அதை எட்ட முடியும் என்றார்.

வேலைக்கான நேர்காணலிலும் இதையே செய்யலாம். 'உங்கள் பண்பாடு எப்படிப்பட்டது?' என்று கேட்டால் பலகையில் உள்ளதுதான் பதிலாக வரும். 'கடைசியாகப் பதவி உயர்வு பெற்றவர் எதற்காகப் பெற்றார்?' என்று கேளுங்கள். அதற்கு வரும் பதிலை அந்த நான்கு கட்டங்களில் எதில் வைப்பது என்பது இப்போது உங்களுக்கே தெரியும்.