ஒரே பதிவு இரண்டு முறை ஏறாமல்

செல்பேசிச் செயலியில் ‘சேமி’ பொத்தானை அழுத்தியதும் பதிவு சர்வருக்குப் போகிறது. சர்வர் அதை எழுதிக்கொண்டு, எழுதிவிட்டதாகப் பதில் அனுப்புகிறது. சிக்னல் விட்டுவிட்டு வரும் இடங்களில் இந்தப் போக்குவரத்து நடுவழியில் அறுந்துபோகும். ஒரு கிராமத்துப் பால் சொசைட்டியை எடுத்துக்கொள்ளலாம். காலை 6.10 மணிக்கு 214-ஆம் எண் உறுப்பினர் ஊற்றிய பால் 8.4 லிட்டர். அளப்பவர் அதைச் செயலியில் பதிந்து பொத்தானை அழுத்துகிறார். 30 வினாடி ஆகியும் பதில் வரவில்லை.

நடந்தது இரண்டில் ஒன்று. பதிவு சர்வரை எட்டாமலே தொலைந்திருக்கலாம். அல்லது சர்வர் பதிவை ஒழுங்காக எழுதி முடித்து, அதன் பதில் மட்டும் வழியில் தொலைந்திருக்கலாம். செல்பேசியின் பக்கம் இருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும்: மௌனம். எவ்வளவு திறமையாக நிரல் எழுதினாலும் இந்த மௌனத்தை வைத்து எது நடந்தது என்று கண்டுபிடிக்க முடியாது. கணினி அறிவியலில் ‘இரு தளபதிகள் சிக்கல்’ என்று இதற்குப் பெயர். 1970-களிலேயே இதை ஆராய்ந்து எழுதிவிட்டார்கள்.

திரும்ப அனுப்பாமல் விட்டால், முதல் வகையில் விவசாயியின் பால் கணக்கில் ஏறாது. திரும்ப அனுப்பினால், இரண்டாம் வகையில் 8.4 லிட்டர் 16.8 ஆகிவிடும். லிட்டருக்கு 35 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 294 ரூபாய் கூடுதலாக வரவு எழுதப்படும். பட்டுவாடா நாளன்று தகராறு வரும். ‘ஒரே உறுப்பினர், ஒரே அளவு, ஒரே வேளை என்றால் இரட்டைப் பதிவு’ என்று சர்வர் முடிவுகட்டுவதும் சரியல்ல. அதே வீட்டிலிருந்து அதே அளவுள்ள இன்னொரு கேன் பத்து நிமிடம் கழித்து உண்மையாகவே வரக்கூடும். உள்ளடக்கம் ஒன்றாக இருப்பதால் மட்டும் நிகழ்வும் ஒன்று என்று சொல்லிவிட முடியாது.

வழி வேறு இடத்தில் இருக்கிறது. ஒரே முறை அனுப்பியாக வேண்டும் என்ற முயற்சியைக் கைவிட்டு, எத்தனை முறை வேண்டுமானாலும் அனுப்பலாம், எழுதுவது மட்டும் ஒருமுறை நடக்கட்டும் என்று மாற்றிக்கொள்ள வேண்டும். அதற்கு ஒவ்வொரு பதிவுக்கும் தனக்கே உரிய ஓர் எண் தேவை. ஒரே காசோலையை இரண்டு முறை வங்கியில் நீட்டினாலும், அதன் எண்ணைப் பார்த்துப் பணம் ஒருமுறைதான் தருவார்கள் அல்லவா, அதே ஏற்பாடு. இங்கே அந்த எண்ணைச் செல்பேசியே உருவாக்குகிறது. யூயுஐடி என்னும் அடையாள எண்ணின் நான்காம் வகையில் 122 பிட்கள் தற்செயலாக அமைகின்றன. சர்வரைக் கேட்காமல் ஆயிரம் செல்பேசிகள் தனித்தனியே உருவாக்கினாலும் இரண்டு எண்கள் மோதிக்கொள்ளும் என்று அஞ்ச வேண்டியதில்லை.

எண் எந்த நொடியில் பிறக்கிறது என்பதுதான் உயிரான இடம். அனுப்பும் நிரல்பகுதிக்குள் எண்ணை உருவாக்குவது அடிக்கடி காணப்படும் பிழை. அப்படிச் செய்தால் ஒவ்வொரு மறுமுயற்சிக்கும் புது எண் கிடைக்கும். சர்வரும் ஒவ்வொன்றையும் புதுப் பதிவாகவே ஏற்கும். பொத்தானை அழுத்தும்போது உருவாக்கினாலும் ஓட்டை முழுதாக அடைபடாது, பதற்றத்தில் இரண்டு முறை தட்டினால் இரண்டு எண்கள் பிறந்துவிடும். பதிவுப் படிவம் திறக்கும்போதே எண்ணும் பிறந்துவிட வேண்டும்.

அடுத்தது வரிசை. ‘சேமி’ அழுத்தியதும் பதிவும் அதன் எண்ணும் முதலில் செல்பேசிக்குள் இருக்கும் எஸ்க்யூலைட் தரவுத்தளத்தில் எழுதப்படும்; அதன் பிறகுதான் நெட்வொர்க்கைத் தொட வேண்டும். வரிசையிலிருந்து ஒரு பதிவை நீக்குவது சர்வரின் பதில் கைக்கு வந்த பிறகே. நடுவில் செல்பேசி அணைந்துபோனால், மீண்டும் திறக்கும்போது ‘அனுப்பிக்கொண்டிருக்கிறது’ என்ற நிலையில் நிற்கும் பதிவுகளை எல்லாம் ‘காத்திருக்கிறது’ என்று மாற்றி மறுபடி அனுப்பலாம். எண் மாறவில்லை என்பதால் கேடில்லை. ஆண்ட்ராய்டில் இந்த மறுமுயற்சியை வொர்க்மேனேஜர் என்ற நூலகம் கவனித்துக்கொள்ளும். இயல்பமைப்பில் அது முதல் தோல்விக்குப் பின் 30 வினாடி காத்திருந்து, அடுத்தடுத்த தோல்விகளுக்கு இடைவெளியை இரட்டிப்பாக்கிக்கொண்டே போகும்.

சர்வரில் செய்யும் தவறு நுட்பமானது. ‘இந்த எண் ஏற்கெனவே இருக்கிறதா என்று பார், இல்லையென்றால் எழுது’ என்பது பார்வைக்குச் சரியாகத் தெரியும். ஆனால் தாமதமாகிப்போன முதல் கோரிக்கையும் மறுமுயற்சியும் ஒரே நொடியில் வந்து சேர்ந்தால் இரண்டுமே ‘இல்லை’ என்று கண்டு இரண்டுமே எழுதிவிடும். அந்த முடிவைத் தரவுத்தளத்திடமே விட்டுவிட வேண்டும். போஸ்ட்கிரெஸில் இப்படி:

```sql
INSERT INTO milk_entry (id, member_no, litres)
VALUES ($1, 214, 8.4)
ON CONFLICT (id) DO NOTHING;
```

`id` என்பது செல்பேசி அனுப்பிய எண். அட்டவணையின் முதன்மைத் திறவும் அதுவே. இரண்டாவது முறை வந்தால் எந்த வரியும் சேராது. வரி சேர்ந்திருந்தால் மட்டுமே உறுப்பினரின் நிலுவையில் 294 ரூபாயைக் கூட்ட வேண்டும். இரண்டு வேலையும் ஒரே பரிவர்த்தனைக்குள் நடக்க வேண்டும். பதிவை எழுதிவிட்டு நிலுவையைக் கூட்டுவதற்குள் சர்வர் விழுந்தால், மறுமுயற்சி வரும்போது ‘ஏற்கெனவே இருக்கிறது’ என்று தள்ளப்பட்டு அந்தப் பணம் என்றைக்கும் ஏறாது. இரட்டைக் கோரிக்கைக்கும் வெற்றி என்றே பதில் தர வேண்டும். பிழை என்று சொன்னால் செல்பேசி அதை வரிசையிலிருந்து நீக்காமல் ஓயாமல் அனுப்பிக்கொண்டிருக்கும்.

பணம் செலுத்தும் சேவைகளில் இதே எண்ணை `Idempotency-Key` என்ற தலைப்பில் அனுப்புவது வழக்கம். சில சேவைகள் அந்த எண்ணை 24 மணி நேரம் அளவில் வைத்திருந்துவிட்டு அழித்துவிடும். மூன்று நாள் சிக்னலே இல்லாமல் கிடக்கும் செல்பேசிக்கு இது போதாது; நான்காம் நாள் வரும் மறுமுயற்சி புதுப் பதிவாகிவிடும். மேலே காட்டியபடி எண்ணைப் பதிவின் நிரந்தர அடையாளமாகவே வைத்தால் இந்தக் காலக்கெடு எழுவதில்லை.

எல்லாத் தோல்விக்கும் மறுமுயற்சி மருந்தல்ல. பதிலே இல்லாதபோதும், சர்வர் 503 என்றபோதும் திரும்ப அனுப்பலாம். பதிவே தவறு என்று 400 வந்தால் எத்தனை முறை அனுப்பினாலும் அதே பதில்தான். அதை வரிசையிலிருந்து தனியே எடுத்து, அளப்பவரின் கண்ணில் படும்படி வைக்க வேண்டும். இல்லையென்றால் அது முன்னால் நின்று பின்னால் உள்ளவற்றை மறிக்கும். 8.4 என்பதை 8.9 என்று திருத்தினால் அந்தத் திருத்தம் தனி எண்ணுடன் மூலப் பதிவுக்குப் பின்னால்தான் போக வேண்டும்.

விமான நிலையில் வைத்துச் சோதிப்பது போதாது, ஏனெனில் அப்போது கோரிக்கை சர்வரை எட்டவே எட்டாது. சர்வர் எழுதி முடித்த பிறகு பதிலை மட்டும் வேண்டுமென்றே விழுங்கும்படி செய்து பார்க்க வேண்டும். அதற்குப் பின்னும் அட்டவணையில் ஒரே வரி, நிலுவையில் ஒரே 294 ரூபாய் இருந்தால் ஏற்பாடு சரி. ஓடும் செயலியில், ஒரே உறுப்பினருக்கு ஒரே அளவில், சில வினாடி இடைவெளியில், வெவ்வேறு எண்களுடன் வரிகள் தென்பட்டால் எண் தவறான நொடியில் பிறக்கிறது என்று பொருள்.

அனுப்புவதற்கு முன் செல்பேசியே தொலைந்தாலும், செயலியின் தரவை யாராவது அழித்தாலும் வரிசையில் நின்றவை போய்விடும். இந்த முறையால் அதைத் தடுக்க முடியாது. அதனால் எத்தனை பதிவுகள் இன்னும் போகாமல் இருக்கின்றன என்பதைத் திரையின் மேற்பகுதியில் எப்போதும் காட்ட வேண்டும். அது பூஜ்யமாகும் வரை அன்றைய துண்டுச் சீட்டுகளை அளப்பவர் எறிந்துவிடக் கூடாது.