இரவில் நெய்ப் பால்: யாருக்கு உதவும், யாருக்கு ஆகாது?

மலச்சிக்கல் என்று சொன்னாலே, "ராத்திரி படுக்கப் போகும்போது வெதுவெதுப்பான பாலில் ஒரு ஸ்பூன் நெய் விட்டுக் குடி" என்பார்கள் வீட்டுப் பெரியவர்கள். ஆயுர்வேதமும் இதைச் சொல்கிறது. பலருக்குப் பலனும் தெரிகிறது. ஆனால், நெய் குடல் முழுக்க எண்ணெய் போல வழுக்கிக்கொண்டு இறங்கி மலத்தைத் தள்ளுகிறது என்று நாம் நினைப்பது சரியல்ல. ஒரு டீஸ்பூன் நெய் ஏறக்குறைய 5 கிராம். அதில் பெரும்பகுதி சிறுகுடலிலேயே செரித்து உடம்பில் சேர்ந்துவிடும். மலம் தங்கி இறுகுகிற பெருங்குடலுக்கு மிச்சமாகப் போவது மிகக் குறைவு.

பிறகு எப்படி உதவுகிறது? கொழுப்பு சிறுகுடலைத் தொட்டதும் கோலிசிஸ்டோகைனின் என்ற ஹார்மோன் சுரக்கும். அது பித்தப்பையைச் சுருங்கவைத்துப் பித்தநீரை இறக்கும். வயிற்றுக்கு உணவு வந்துவிட்டது என்ற செய்தி பெருங்குடலுக்கும் போய், அதன் அசைவைத் தூண்டும். பாலுக்கும் இதில் பங்குண்டு. நம் ஊரில் பெரியவர்கள் பலருக்குப் பாலிலுள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரை முழுதாகச் செரிப்பதில்லை. செரிக்காத சர்க்கரை பெருங்குடலுக்குப் போய் நீரை இழுத்து வைத்துக்கொள்ளும், மலம் இளகும். அதே காரணத்தால்தான் சிலருக்கு வயிறு உப்பி, காற்றும் பிரிகிறது.

இது மென்மையான தூண்டுதல் மட்டுமே. நாள்பட்ட மலச்சிக்கலுக்கு மருத்துவர்கள் முதலில் சொல்வது இசப்கோல் போன்ற நார்ச்சத்தும், மலத்தில் நீரைத் தக்கவைக்கும் மருந்துகளும்தான். நெய்யில் நார்ச்சத்து துளியும் இல்லை. கீரையும் பழமும் தண்ணீரும் குறைந்த சாப்பாட்டை நெய்ப் பால் ஈடுகட்டாது.

குடித்துப் பார்க்க விரும்பினால் 150 மில்லி பாலில் ஒரு டீஸ்பூன் நெய் போதும். சர்க்கரை வேண்டாம். குடித்தவுடன் படுக்காமல் ஒரு மணி நேரமாவது கழியட்டும். காலையில் எழுந்ததும், காலை உணவுக்குப் பிறகும்தான் பெருங்குடல் சுறுசுறுப்பாக இருக்கும். அந்த நேரத்தில் அவசரமில்லாமல் கழிப்பறைக்குப் போக வேண்டும். மேற்கத்திய கழிப்பறை என்றால் காலடியில் சின்ன முக்காலி வைத்துக்கொண்டால் மலம் எளிதாக இறங்கும். ஒரு வாரத்தில் மாற்றம் தெரியாவிட்டால் நெய்யைக் கூட்டாதீர்கள், காரணத்தைத் தேடுங்கள்.

காரணத்தைத் தேடாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. ரத்தசோகைக்காக இரவில் இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடும் ஒரு பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். மாத்திரை தொடங்கியதிலிருந்து அவருக்கு மலம் கறுத்து இறுகிவிட்டது. அதற்காக நெய்ப் பால் குடிக்கிறார். மாத்திரையையும் அந்தப் பாலோடு விழுங்கிவிடுகிறார். பாலிலுள்ள கால்சியம் இரும்பு உடலில் சேர்வதைக் குறைக்கும். ரத்தசோகை தீராது, மாத்திரை நீளும், அதோடு மலச்சிக்கலும் நீளும். அவருக்கு வேண்டியது நெய் அல்ல. மாத்திரையைப் பாலிலிருந்து சில மணி நேரம் தள்ளிச் சாப்பிடுவதும், அளவையோ வகையையோ மாற்றலாமா என்று மருத்துவரைக் கேட்பதும்தான். தைராய்டு மாத்திரையையும் சில ஆன்டிபயாடிக் மருந்துகளையும்கூடப் பாலோடு சேர்க்கக் கூடாது.

பித்தப்பையில் கல் உள்ளவர்கள் நெய்ப் பாலைத் தவிர்ப்பது நல்லது. கொழுப்பால் பித்தப்பை சுருங்கும்போது கல் அடைத்து, வலது விலாவுக்குக் கீழே கடும் வலி வரலாம். கணைய அழற்சி வந்தவர்களுக்கும் இது ஆகாது. நெய்யில் பாதிக்கு மேல் நிறைவுற்ற கொழுப்பு என்பதால், இதய நோயோ அதிக கொலஸ்ட்ராலோ உள்ளவர்கள் தினசரி பழக்கமாக்கக் கூடாது. நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்கு இரவில் தொந்தரவு கூடும்.

குழந்தைகள் விஷயத்தில் கூடுதல் கவனம் தேவை. சில குழந்தைகளுக்குப் பசும்பாலே மலச்சிக்கலை உண்டாக்கும். கைக்குழந்தைக்கு நெய்யையோ எண்ணெயையோ பாலாடையில் புகட்டவே கூடாது. புரையேறி நுரையீரலுக்குள் போனால் கடுமையான நிமோனியா வரும். விழுங்கச் சிரமப்படும் முதியவர்களுக்கும் இதே ஆபத்து உண்டு.

மலத்தில் ரத்தம், காரணமில்லாத எடைக் குறைவு, 50 வயதுக்கு மேல் புதிதாக வந்த மலச்சிக்கல் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் வீட்டு வைத்தியத்தில் நாளைக் கடத்தாமல் மருத்துவரைப் பாருங்கள். வயிறு உப்பி, வாந்தி வந்து, காற்றும் பிரியாவிட்டால் குடல் அடைப்பாக இருக்கலாம். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.