காரணம் தெரியும் முன் சொல்ல வேண்டியது

ஒரு சிறு நகரத்தில் மாலை ஏழு மணிக்கு நான்கைந்து தெருக்களில் இணையம் நின்றுபோகிறது என்று வைத்துக்கொள்வோம். இணைப்பு கொடுப்பவர் உள்ளூர்க்காரர். இரண்டு லைன்மேன்கள், ஒரு சின்ன அலுவலகம், ஒரே போன். அந்தப் போன் விடாமல் அடிக்கிறது. கேபிள் எங்கே அறுந்தது, உண்மையில் அறுந்ததுதானா என்பது அவருக்கே இன்னும் தெரியாது. பலர் இந்த இடத்தில்தான் போனை எடுக்காமல் விடுகிறார்கள். இல்லையென்றால் "அரை மணியில் வந்துவிடும்" என்று சொல்லிவிடுகிறார்கள். இரண்டுமே வாடிக்கையாளரைத் தவிக்க விடுகின்றன.

விவரம் முழுதாகக் கிடைக்கும் வரை காத்திராமல், வாட்ஸ்அப் குழுவில் 7.20க்கு அவர் இப்படி எழுதலாம்:

"மாலை 7 மணி முதல் பள்ளிக்கூடத் தெருவிலும் அதைச் சுற்றியும் இணையம் வரவில்லை. சிரமத்துக்கு மன்னிக்கவும். காரணம் இன்னும் தெரியவில்லை. ஆட்கள் லைனைச் சோதிக்கிறார்கள். வீட்டிலுள்ள பெட்டியில் LOS விளக்கு சிவப்பாக எரிந்தாலும் ரீசெட் பட்டனை அழுத்த வேண்டாம். அடுத்த தகவல் 8 மணிக்கு."

ரீசெட் பற்றிய வரியை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். அந்த விளக்கு சிவந்தால் பெட்டிக்கு ஒளி வந்து சேரவில்லை என்று பொருள். பொறுமையிழந்து ரீசெட் அழுத்தினால் பெட்டியில் பதித்திருந்த இணைப்பு விவரங்கள் அழிந்துபோகலாம். அப்புறம் தெரு முழுக்க இணையம் வந்தாலும் அந்த வீட்டுக்கு மட்டும் வராது. லைன்மேன் நேரில் போக வேண்டியிருக்கும்.

"8 மணிக்குச் சரியாகும்" என்று அவர் எழுதவில்லை என்பதைக் கவனியுங்கள். தகவல் சொல்வது அவர் கையில் இருக்கிறது, சரியாவது இல்லை. ஃபைபர் அறுந்த இடம் எத்தனை மீட்டர் தள்ளி என்று காட்டும் கருவி உண்டு. ஆனால் அது காட்டுவது கேபிளின் நீளத்தை. கம்பங்களில் சுருட்டி வைத்த உபரி கேபிளும் அதில் சேரும். அதனால் தெருவில் இறங்கித் தேடித்தான் ஆக வேண்டும். கண்டுபிடித்த பிறகு இழைகளை ஒட்டும் நேரம் வேறு.

சாக்கடைக்குத் தோண்டியவர்கள்தான் வெட்டியிருப்பார்கள் என்று மனசு சொல்லலாம். அதை எழுதக் கூடாது. அலுவலகத்துச் சாதனத்துக்கு மின்சாரம் போனாலும் அத்தனை வீடுகளிலும் இதே சிவப்பு விளக்குதான் எரியும். பழி சொன்ன பிறகு கோளாறு தன் அலுவலகத்திலேயே இருந்தால், அடுத்து சொல்வதை யாரும் நம்பமாட்டார்கள். கட்டணக் கழிவு பற்றிய பேச்சும் எத்தனை மணி நேரம் நின்றது என்று தெரிந்த பிறகு வரட்டும்.

எட்டு மணி ஆகிறது, ஒன்றும் கிடைக்கவில்லை. அப்போதும் எழுத வேண்டும்: "பள்ளிக்கூடத் தெரு முனை வரை பார்த்துவிட்டோம், லைன் நன்றாக இருக்கிறது. அதற்கு அப்பால் தேடுகிறோம். அடுத்த தகவல் 8.45க்கு." முதல் செய்தியில் தவறு இருந்தால் அதை அழிக்காமல், எது மாறியது என்று புதிதாகச் சொல்லலாம். இணைப்பு திரும்பியதும், "இன்னும் வராதவர்கள் பெட்டியை ஒரு முறை அணைத்துப் போடுங்கள், அப்படியும் வராவிட்டால் அழையுங்கள்" என்ற கடைசிச் செய்தி. பிரதான லைன் சரியான பிறகும் ஒன்றிரண்டு வீடுகள் விடுபட்டிருக்கலாம்; அந்த வீடுகள் எவை என்பது அவர்கள் சொன்னால் எளிதாகத் தெரியும்.