3072 எண்களா, 256 போதுமா?

“குடும்ப அட்டையில் முகவரி மாற்றுவது எப்படி?” என்று ஒருவர் தேடுகிறார். அவருக்கு வேண்டிய செய்தி “வீடு மாறியவர்கள் ரேஷன் கார்டை எங்கே திருத்தலாம்?” என்ற தலைப்பில் இருக்கிறது. இரண்டுக்கும் பொதுவாக ஒரு சொல்கூட இல்லை. சொல்லுக்குச் சொல் ஒப்பிடும் தேடல் இங்கே கைவிரித்துவிடும்.

பொருளைப் பார்த்துத் தேடுவதற்கு வந்த வழிதான் எம்பெடிங். ஒரு பத்தியைக் கொடுத்தால், அதற்கென்று பயிற்சி பெற்ற மாடல் அதை ஒரு நீண்ட எண் வரிசையாக மாற்றித் தரும். பொருள் நெருங்கிய பத்திகளுக்கு எண் வரிசைகளும் நெருங்கியிருக்கும். தேடுபவரின் கேள்வியையும் அதே மாடலால் எண் வரிசையாக்கி, சேமிப்பில் எது அதற்கு மிக அருகில் இருக்கிறது என்று கணக்கிட்டால் விடை கிடைக்கும். ஒரு வரிசையில் எத்தனை எண்கள் இருக்கின்றனவோ, அதுவே அதன் பரிமாணம்.

ஓப்பன்ஏஐ 2024 ஜனவரியில் வெளியிட்ட `text-embedding-3-large` ஒவ்வொரு பத்திக்கும் 3072 எண்கள் தருகிறது. கேட்டால் 1024, 256 என்று சுருக்கியும் தரும். எதைக் கேட்பது? பழைய செய்திகளைத் தேட ஒரு தளம் அமைப்பதாகவும், அதில் 10 லட்சம் பத்திகள் இருப்பதாகவும் வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

இடமும் நேரமும்

ஓர் எண்ணைச் சேமிக்க வழக்கமாக 4 பைட் வேண்டும். 3072 எண்களுக்கு 12,288 பைட். 10 லட்சம் பத்திகளுக்கு ஏறக்குறைய 12.3 ஜிபி. இதுவே 1024 பரிமாணம் என்றால் 4.1 ஜிபி, 256 என்றால் 1 ஜிபிதான். பரிமாணம் எத்தனை மடங்கோ, இடமும் அத்தனை மடங்கு.

12 ஜிபி ஹார்ட் டிஸ்க்குக்குப் பெரிய சுமை இல்லை. ஆனால் வேகமான தேடலுக்கு இந்த எண்கள் ரேமில் இருக்க வேண்டும். வாடகைக்கு எடுக்கும் சர்வரில் விலை ஏறுவது ரேமால்தான்.

நேரமும் இதே கணக்கில்தான் கூடுகிறது. இரண்டு வரிசைகள் எவ்வளவு நெருக்கம் என்று அறிய, எண்ணுக்கு எண் பெருக்கிக் கூட்ட வேண்டும். 10 லட்சம் பத்திகளையும் ஒப்பிட்டால் ஒரு கேள்விக்கு 307 கோடிப் பெருக்கல்கள். இந்தப் பெருக்கலைவிட, 12 ஜிபியையும் ரேமிலிருந்து பிராசஸருக்குக் கொண்டுவருவதே பெரிய தாமதம். விநாடிக்கு 20 ஜிபி வீதம் படிக்கும் கணினியில் அதற்கு மட்டும் அரை விநாடிக்கு மேல் ஆகும். 256 பரிமாணத்தில் அது இருபதில் ஒரு விநாடி.

அதனால்தான் எல்லாவற்றையும் ஒப்பிடாமல், HNSW போன்ற இன்டெக்ஸ் ஒன்றை அமைக்கிறார்கள். ஒவ்வொரு பத்தியையும் அதன் நெருங்கிய அண்டைப் பத்திகளோடு இணைத்து வைத்து, தேடும்போது அந்த இணைப்புகள் வழியே தாவித் தாவி விடையை நெருங்கும் முறை இது. பத்திகளில் மிகச் சிறிய பகுதியைத் தொட்டாலே போதும். ஆனால் அடுத்த தாவல் எங்கே விழும் என்று முன்கூட்டித் தெரியாது. எண்கள் ரேமுக்குள் அடங்காவிட்டால் பல தாவல்கள் டிஸ்க்கைத் தொட நேரும், வேகம் சட்டென்று விழுந்துவிடும். பத்திகள் கூடிக்கொண்டே வரும்போது ஒருநாள் தேடல் திடீரெனத் தத்தளித்தால், முதலில் பார்க்க வேண்டியது ரேமைத்தான்.

தரம் எவ்வளவு கூடுகிறது?

MTEB என்பது தேடல், வகைப்படுத்தல் போன்ற பல வேலைகளில் எம்பெடிங் மாடல்களை அளக்கும் பொதுச் சோதனை. அதன் ஆங்கிலச் சோதனைகளில் இந்த மாடலுக்கு ஓப்பன்ஏஐ வெளியிட்ட மதிப்பெண்கள் இவை: 256 பரிமாணத்தில் 62.0, 1024-ல் 64.1, 3072-ல் 64.6. 256-லிருந்து 1024-க்குப் போனால் செலவு நான்கு மடங்கு, தரம் 2.1 புள்ளி கூடுகிறது. அங்கிருந்து 3072-க்குப் போனால் செலவு மேலும் மூன்று மடங்கு, கிடைப்பதோ அரைப் புள்ளி. செலவு நேர்க்கோடாக ஏறுகிறது. தரம் ஏறிய வேகத்தில் சமதளமாகிவிடுகிறது.

பரிமாணம் கூடினால் தரம் கூடும் என்பதுகூட ஒரே மாடலுக்குள் மட்டுமே பொருந்தும். அதே நிறுவனத்தின் பழைய `text-embedding-ada-002`, புதிய `text-embedding-3-small` இரண்டுமே 1536 பரிமாணம்தான். பல மொழித் தேடலை அளக்கும் MIRACL சோதனையில் பழையது 31.4, புதியது 44.0. எண்களின் எண்ணிக்கை மாறவில்லை. மாறியது மாடலின் பயிற்சி. இன்னொன்று, MIRACL-இன் 18 மொழிகளில் இந்தியும் வங்கமும் தெலுங்கும் உண்டு; தமிழ் இல்லை. ஆகவே தமிழ்ச் செய்திகளுக்கு இந்த மதிப்பெண்களை அப்படியே நம்ப முடியாது.

வெட்டும் முறை

3072 எண்களில் முதல் 256-ஐ வைத்துக்கொண்டு மீதியை விட்டுவிடலாம் என்பது எல்லா மாடலுக்கும் பொருந்தாது. சாதாரண மாடலில் பொருள் எல்லா எண்களிலும் சிதறிக் கிடக்கும்; வெட்டினால் தரம் சரியும். 2022-ல் வெளிவந்த ஓர் ஆய்வு இதற்கு வழி காட்டியது. பொம்மைக்குள் பொம்மை இருக்கும் ரஷ்ய மத்ரியோஷ்காவின் பெயரே அந்த முறைக்கும். பயிற்சியின்போது முழு வரிசையை மட்டும் சோதிக்காமல், அதன் முன்பகுதிகளை வெவ்வேறு நீளங்களில் தனித்தனியே சோதித்துத் திருத்துவார்கள். முக்கியமான பொருள் வரிசையின் முன்பக்கம் வந்து சேரும். அப்படிப் பயிற்சி பெற்ற மாடலை மட்டுமே வெட்டலாம்.

நாமே வெட்டினால், வரிசையின் நீளத்தை மறுபடி 1 ஆக்க வேண்டும்:

```python
v = v[:256]
v = v / np.linalg.norm(v)
```

இரண்டாவது வரியை மறந்தால் பிழைச் செய்தி எதுவும் வராது. ஆனால் நெருக்கத்தைப் பெருக்கிக் கூட்டி அளக்கும்போது, முன்பகுதியில் பெரிய எண்கள் உள்ள பத்திகளுக்குத் தகுதியில்லாத மதிப்பெண் கிடைக்கும். சம்பந்தமில்லாத கேள்விகளுக்கும் அதே சில பத்திகள் திரும்பத் திரும்ப மேலே வந்தால் இதைச் சந்தேகிக்கலாம்.

சிறியதன் வேகமும் பெரியதன் தரமும் சேர்ந்து வேண்டுமென்றால் இரண்டு கட்டமாகத் தேடலாம். 256 எண் வரிசைகளை மட்டும் ரேமில் வைத்து முதல் 200 பத்திகளைப் பொறுக்க வேண்டும். பிறகு அந்த 200-க்கு மட்டும் முழு 3072 எண்களை டிஸ்க்கிலிருந்து எடுத்து மறுபடி வரிசைப்படுத்த வேண்டும். படிக்க வேண்டியது 2.5 எம்பிக்கும் குறைவு. ஆனால் சரியான பத்தி முதல் 200-க்குள் வராவிட்டால் இரண்டாம் கட்டத்தால் அதை மீட்க முடியாது.

உங்கள் கேள்விகளால் அளவிடுங்கள்

முடிவை எடுக்க வாசகர்கள் உண்மையில் கேட்ட 200 கேள்விகள் போதும். ஒவ்வொன்றுக்கும் சரியான பத்தியை ஒருவர் படித்துக் குறித்து வைக்கட்டும். பிறகு 256, 1024, 3072 மூன்றிலும் தேடி, சரியான பத்தி முதல் 10 விடைகளுக்குள் எத்தனை முறை வருகிறது என்று எண்ணுங்கள். இந்தச் சோதனையை முதலில் இன்டெக்ஸ் இல்லாமல், எல்லாப் பத்திகளையும் ஒப்பிட்டுச் செய்ய வேண்டும். பிறகே இன்டெக்ஸோடு. முழு ஒப்பீட்டில் 180 முறை வந்தது இன்டெக்ஸோடு 160 ஆனால், குறை பரிமாணத்தில் இல்லை. pgvector-இல் `hnsw.ef_search` மதிப்பு இயல்பாக 40. அதை உயர்த்தினால் இன்டெக்ஸ் இன்னும் ஆழமாகத் தேடும். முழு ஒப்பீட்டிலேயே எண்ணிக்கை குறைந்தால்தான் பரிமாணத்தையோ மாடலையோ மாற்ற வேண்டும்.

எதைத் தேர்ந்தாலும், முதலில் வாங்கிய 3072 எண்களையும் டிஸ்க்கில் பத்திரப்படுத்துங்கள். அதிலிருந்து எப்போது வேண்டுமானாலும் செலவில்லாமல் வெட்டிக்கொள்ளலாம். 256-ஐ மட்டும் வைத்துவிட்டுப் பின்னால் 1024 வேண்டுமென்றால், 10 லட்சம் பத்திகளையும் மறுபடி மாடலுக்கு அனுப்பிக் காசு கட்ட வேண்டியிருக்கும்.