நிவாரணக் காசோலை வாங்கிய பிறகும் இழப்பீடு கேட்கலாம், தெரியுமா?

2024 ஏப்ரல் 30. ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இறங்கிய தனியார் பேருந்து கொண்டை ஊசி வளைவில் கவிழ்ந்து உயிர்கள் போயின. இப்படி ஒரு விபத்து நடந்தால் அரசிடமிருந்து வரும் அறிவிப்பு நமக்குத் தெரிந்ததுதான்: முதலமைச்சரின் பொது நிவாரண நிதியிலிருந்து இத்தனை லட்சம் வழங்கப்படும். அது கருணைத் தொகை. யார் மேல் தப்பு என்று அரசு பார்ப்பதில்லை. கொடுத்தே ஆக வேண்டிய கட்டாயமும் இல்லை. இறந்தவர் மாதம் எவ்வளவு சம்பாதித்தார் என்ற கேள்வியும் எழாது; எல்லார் வீட்டுக்கும் ஒரே தொகை!

ஆனால் அந்தக் காசோலையை வாங்கிவிட்டதாலேயே வழக்குப் போடும் உரிமை போய்விடாது, தெரியுமா? பேருந்து உரிமையாளரும் இன்சூரன்ஸ் கம்பெனியும் தர வேண்டியது வேறு கணக்கு. மோட்டார் வாகனச் சட்டம் 166-ஆம் பிரிவின்படி விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனு போட்டு அதைக் கேட்கலாம்.

எவ்வளவு வரும்? உதாரணத்துக்கு ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். இறந்தவருக்கு 35 வயது, சொந்தத் தொழிலில் மாதம் 15,000 ரூபாய் வருமானம். மனைவி, இரண்டு பிள்ளைகள், தாய் என நாலு பேர் அவரை நம்பி இருந்தார்கள். வருங்கால உயர்வுக்காக 40 சதவீதம் சேர்த்தால் 21,000. அவருடைய சொந்தச் செலவுக்கென்று கால் பங்கைக் கழித்தால் 15,750. ஒரு வருஷத்துக்கு 1,89,000. அந்த வயதுக்கு உச்ச நீதிமன்றம் வகுத்த பெருக்கு எண் 16. பெருக்கிப் பாருங்கள்: 30,24,000 ரூபாய்! ஈமச் செலவு போன்றவை இதற்கு மேல் தனி.

ஓட்டுநரின் கவனக்குறைவை மனுதாரர்தான் காட்ட வேண்டும். வருமானத்துக்குச் சான்று இல்லையென்றால் தீர்ப்பாயம் ஒரு தொகையை அனுமானித்துக்கொள்ளும். பெரும்பாலும் அது குறைவாகவே இருக்கும். அதனால் பாஸ்புக், கடை உரிமம், கூலிச் சீட்டு எதையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். விபத்து ஏற்காட்டில் நடந்தாலும், மதுரைக்காரர் மதுரையிலேயே மனு போடலாம், தெரியுமா? ஆனால் 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள சட்டத் திருத்தம் மனு போட ஆறு மாதக் கெடு விதிக்கிறது. நிவாரணம் வந்துவிட்டதே என்று உட்கார்ந்திருக்கும் குடும்பத்துக்கு இங்கேதான் ஆபத்து.

இன்னொரு ஆச்சரியம்! கருணைத் தொகையே சில சமயம் உரிமையாகிவிடும். பேரிடர் மேலாண்மைச் சட்டம் 2005, 12-ஆம் பிரிவில் உயிரிழப்புக்கான கருணைத் தொகையைப் பற்றிச் சொல்கிறது. கொரோனாவில் இறந்தவர்களின் குடும்பங்களுக்காக இதைக் காட்டி வழக்குத் தொடுத்தார்கள். அதற்கான வழிகாட்டுதலை வகுப்பது அரசின் கட்டாயக் கடமை என்று 2021 ஜூன் 30 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எவ்வளவு என்பதை மட்டும் அரசே முடிவு செய்யட்டும் என்று விட்டுவிட்டது. பிறகு நிர்ணயமான தொகை, ஓர் உயிருக்கு 50,000 ரூபாய்.