ஏழு நாளுக்குள் பணம் வாபஸ்... யார் சொன்னது?

மதுரை மாணவி ஒருவர் 40,000 ரூபாய் கட்டி ஆன்லைன் கோர்ஸில் சேர்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ‘7 நாட்களுக்குள் விலகினால் முழுப் பணமும் வாபஸ்’ என்கிறது நிறுவனத்தின் இணையதளம். நான்காம் நாளே விலகுகிறார். “ரெண்டு வீடியோ பார்த்துட்டீங்களே மேடம், பணம் வராது” என்கிறார்கள் போனில். அந்த நிபந்தனை விதியில் எங்குமே இல்லை!

இங்கே போனில் மல்லுக்கட்டுவது வீண். விலகும் முடிவை அன்றே மின்னஞ்சலில் அனுப்ப வேண்டும். விதி இருக்கும் பக்கத்தைத் தேதியும் முகவரியும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுப்பது அதைவிட அவசரம். புகார் போன மறுநாளே அந்தப் பக்கம் மாறிவிடலாம்.

சொன்ன கெடுவுக்குள் பணத்தைத் திருப்பித் தராமல் மறுப்பதை, 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முறையற்ற வணிக நடைமுறைகளில் ஒன்றாகச் சொல்கிறது. ஆனால், குறைபாடுள்ள சேவைக்கே அந்தப் பிரிவு பொருந்தும். எனவே, வாக்குறுதியை மீறியதே சேவைக் குறைபாடு என்பதையும் புகாரில் எழுத வேண்டும்.

முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அவர்கள் நிறுவனத்திடம் பேசிப் பார்ப்பார்கள். உத்தரவு போட முடியாது. அதிலும் மசியவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நிறுவனம் பெங்களூரில் இருந்தாலும் மதுரையிலேயே வழக்குப் போடலாம். வக்கீல் கட்டாயமில்லை. 5 லட்சம் ரூபாய் வரை புகார்க் கட்டணமும் கிடையாது. இரண்டு ஆண்டுகளுக்குள் போட்டுவிடுங்கள்.