‘இறால், கொட்டை’

2016 டிசம்பர் 30 அன்று இங்கிலாந்தின் லங்காஷயரில், ஒரு 15 வயதுச் சிறுமிக்கும் அவளுடைய தோழிக்கும் இணையம் வழியே இந்திய உணவு ஆர்டர் செய்யப்பட்டது. குறிப்புக் கட்டத்தில் ‘இறால், கொட்டை’ என்று மட்டும் எழுதியிருந்தது. வந்த சாப்பாட்டில் நிலக்கடலைப் புரதம் இருந்தது. 2017 ஜனவரி 1 அன்று அவள் இறந்துபோனாள். உணவக உரிமையாளருக்கும் மேலாளருக்கும் 2018இல் சிறைத் தண்டனை கிடைத்தது. ஆனால் உரிமையாளரின் தண்டனையை மறு ஆண்டே மேல்முறையீட்டு நீதிமன்றம் ரத்து செய்தது. அந்தக் குறிப்பு அவருக்குத் தெரிந்திருந்ததாக நிரூபிக்கப்படவில்லை.

எழுதிய குறிப்பு கடைக்கு வந்து சேர்ந்தும், கைக்குப் போகாமல் நின்றுவிடுகிறது. இது எந்தக் கடைக்கும் நேரலாம்.

தீபாவளிக்கு ஒரு இனிப்புக் கடையில் மூன்று பெட்டி ஆர்டர் வருகிறது என்று வையுங்கள். மூன்றும் வேறு வேறு வீடுகளுக்கு. குறிப்பில் வாடிக்கையாளர் எழுதுகிறார்: “அத்தைக்கு வாழ்த்து அட்டை வையுங்கள். பில் வேண்டாம். தங்கை வீட்டுக்கு முந்திரி கூடாது, பையனுக்கு ஆகாது.” ஒரே கட்டத்தில் மூன்று செய்திகள். வாழ்த்து அட்டையில் ஏற வேண்டியது. பில் விஷயம் பேக்கிங் மேசைக்கு. முந்திரி விஷயம் சமையற்கட்டுக்கு. ஆர்டர் மூன்று சீட்டுகளாகப் பிரியும்போது குறிப்பு முதல் சீட்டோடு போய்விட்டால், தங்கை வீட்டுப் பெட்டியைக் கட்டுபவருக்கு எதுவும் தெரியாது. அதனால் குறிப்பை ஆர்டருக்குப் பொதுவாக எழுதாமல், அந்தந்தப் பெட்டியின் வரியிலேயே தனித்தனிக் கட்டத்தில் பதிய வேண்டும்.

ஒவ்வாமையை மற்ற இரண்டோடு சேர்க்கவே கூடாது. பேக்கிங் மேசையில் மேலே தூவிய முந்திரியை எடுத்துவிட்டால் போதாது. முந்திரி அரைத்த மிக்ஸி, அதே தட்டு, அதே கரண்டி வழியாக அது மற்ற இனிப்பிலும் ஒட்டியிருக்கும். ஆகவே பணம் வாங்கும் முன்பே பதில் சொல்லியாக வேண்டும். “முந்திரி பிடிக்காதா, உடம்புக்கு ஒத்துக்கொள்ளாதா?” என்று ஆர்டர் எடுப்பவர் போன் போட்டுக் கேட்க வேண்டும். ஒத்துக்கொள்ளாது என்றால் சமையற்கட்டில் விசாரித்து, முடியும் என்றோ முடியாது என்றோ சொல்ல வேண்டும். யாரும் பதில் பதியாத ஆர்டருக்குச் சீட்டே அச்சாகக் கூடாது என்று மென்பொருளில் வைத்துவிடலாம். செய்து முடித்த பெட்டியின் மூடியிலும் எழுதி ஒட்ட வேண்டும். கட்டிய பிறகு எல்லாப் பெட்டியும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

வழி சரியாக இருக்கிறதா என்பதைத் திரையில் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. நீளமான தமிழ் வாழ்த்தோடு ஒரு சோதனை ஆர்டர் போட்டு, பேக்கிங் மேசையில் வெளிவரும் சீட்டைக் கையில் எடுத்துப் படிக்க வேண்டும். கடைசி வரிகள் வெட்டுப்பட்டிருக்கலாம். மலிவான பில் பிரிண்டர்கள் பலவற்றில் தமிழ் எழுத்துரு இருக்காது. எழுத்துக்குப் பதில் கேள்விக்குறிகள் வரும். அப்படியானால் சீட்டைப் படமாக மாற்றி அச்சிட அமைத்துக்கொள்ள வேண்டும்.